காலண்டர் அக்கா அமுக்கிய அலாரம்

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. ஸ்பேனரையோ எண்ணெய்க் குப்பியையோ அவள் தொட்டதில்லை. மூலையில் ஒரு மேசை, அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன், தண்ணீர் பாட்டில். எந்த அடுக்குமாடிக்கு வருட ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எந்த ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு எப்போது வருடச் சோதனை, எந்தக் கட்டடத்தின் செயலாளர் காலையில் போன் எடுப்பார், எவர் சாயங்காலம்தான் எடுப்பார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒரு மாதம் முன்னால் ஒரு தடவை சொல்வாள். ஒரு வாரம் முன்னால் இன்னொரு தடவை. அன்றைக்குக் காலையில் ஒரு தடவை. அதோடு விட்டுவிடவும் மாட்டாள். ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, "ஆள் வந்தாங்களா சார்? வேலை முடிஞ்சுதா? கையெழுத்துப் போட்டுட்டீங்களா?" என்று கேட்பாள். கம்பெனியில் அவளுக்குக் காலண்டர் என்று பெயர். அந்தப் பெயர் எப்படியோ வீட்டுக்கும் வந்து சேர்ந்து, சொந்தக்காரர்கள் மத்தியில் அவள் காலண்டர் அக்கா ஆகிவிட்டாள்.

வீட்டிலும் அதே கதைதான். அவள் போனைத் திறந்தால் குடும்பத்தின் அத்தனை பேர் தலையெழுத்தும் அதில் இருக்கும். கணவரின் ஸ்கூட்டர் இன்சூரன்ஸ், கல்லூரியில் படிக்கும் மகனுடைய பைக் சர்வீஸ், வீட்டுக்கு எடுத்த மருத்துவக் காப்பீடு, எல்லாருக்கும் வருடத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மூன்று அலாரம், பின்னால் ஒன்று. பின்னால் வருகிற அந்த நாலாவதுதான் எல்லாருக்கும் எரிச்சல். "அதான் சொல்லிட்டியே, அப்புறம் எதுக்கு முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு நச்சரிக்கிற?" என்பார் கணவர். அவர் ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுபவர். நிதானமான மனுஷன், சட்டையை மாட்டிக்கொள்ளவே கால்மணி நேரம் எடுப்பார். "நான் சொன்னா நீங்க தலையாட்டுவீங்க. தலையாட்டினா வேலை முடிஞ்சுடுமா?" என்பாள் அவள்.

தம்பியின் கதை தனி. அவளைவிட ஏழு வயது சின்னவன். சொந்தமாக ஒரு சின்ன வேன் வைத்துக்கொண்டு, பேக்கரியிலிருந்து ரொட்டியை எடுத்துக் கடை கடையாகப் போடுபவன். ஊர் எழுந்திருப்பதற்குள் அவன் பாதித் தெருவைச் சுற்றி முடித்திருப்பான். எல்லாவற்றுக்கும் சிரிப்பான், எதையும் மறப்பான். வேன் வாங்கிய நாளிலிருந்து அதன் இன்சூரன்ஸ், சர்வீஸ், அவனுடைய வருடப் பரிசோதனை என்று மூன்றையும் அக்காதான் பார்த்துக்கொண்டாள். அவனும் கவலையில்லாமல் அவள் தலையில் கட்டிவிட்டு விசிலடித்துக்கொண்டு திரிந்தான். அவனிடம் எந்தத் தேதியைக் கேட்டாலும், "அக்கா கூப்பிடும்" என்பதுதான் பதில்.

தம்பியின் மனைவி சிறுபிள்ளைகள் பள்ளியில் டீச்சர். வீட்டுக்குள்ளும் எல்லாரும் அவளை டீச்சர் என்றே சொல்வார்கள். நல்ல பெண். எதையும் ஒழுங்காகச் செய்பவள், அதனாலேயே தன் வீட்டு ஒழுங்கில் இன்னொருவர் கை வைப்பது அவளுக்குப் பிடிக்காது. பல வருடமாக அதை அவள் வெளியே காட்டிக்கொண்டதில்லை.

ஒரு வருடம் அந்தப் பரிசோதனைக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனதும் அக்காதான். டீச்சருக்கு அன்றைக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பக்கத்துத் தெருக் கிளினிக்கில் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிரஷர் கொஞ்சம் கூட இருக்கு. சுகரும் எல்லையில நிக்குது. இப்பவே மாத்திரை வேண்டாம். உப்பைக் குறைங்க, நடங்க. நடுவுல அப்பப்போ பிரஷர் பாத்துக்குங்க. அடுத்த வருஷம் தவறாம வந்துடணும்" என்றார். தம்பி தலையாட்டினான். வீட்டுக்குப் போய் மனைவியிடம், "எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிட்டான். அவன் அப்படித்தான் சொல்லியிருப்பான் என்று அக்காவுக்குத் தெரியும். ஆக, டாக்டர் சொன்னதை முழுசாக மனதில் வாங்கியிருந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

சில மாதம் கழித்துத் தம்பி மகள் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினாள் என்று வீட்டில் ஒரு விருந்து வைத்தார்கள். டீச்சருடன் வேலை பார்ப்பவர்கள், தலைமை ஆசிரியை, அக்கம்பக்கம் என்று கூடம் நிறைந்திருந்தது. தம்பி கேக்கை வெட்டி, பெரிய துண்டாகப் பார்த்து வாயில் வைக்கப் போனான்.

"டேய், சுகர் எல்லையில நிக்குதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? நடுவுல ஒரு தடவையாவது பிரஷர் பாத்தியா?" என்று அக்கா கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து குரல் கொடுத்தாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. நாள் முழுக்க போனில் பேசிப் பேசித் தொண்டை அப்படிப் பழகிவிட்டது.

கூடமே திரும்பிப் பார்த்தது. பிறகு யாரோ சிரித்தார்கள். தலைமை ஆசிரியை டீச்சரைப் பார்த்து, "உங்க மாமியாரா?" என்று கேட்டாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. தம்பியும் சேர்ந்து சிரித்தான். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

அக்கா தட்டை வைக்கச் சமையலறைக்குள் போனபோது டீச்சர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாத்திரத்தைத் தேய்த்தபடியே சொன்னாள்:

"அண்ணி, அவருக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கா. நீங்க ஞாபகப்படுத்தித்தான் இந்த வீடு ஓடுதுன்னு நாலு பேருக்கு நடுவுல காட்டணும்னு இல்ல."

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. என்ன பதில் சொன்னாலும் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"சரிம்மா. இனிமே நீயே பாத்துக்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

பார்த்துக்கொள் என்று சொன்னாளே தவிர, எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. எந்தத் தேதி, எந்தக் கிளினிக், டாக்டர் என்ன சொன்னார், எதையும் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பொறுப்பை அவள் டீச்சரின் கையில் கொடுக்கவில்லை. நடுவழியில் போட்டுவிட்டு வந்தாள். அதை அவள் புரிந்துகொண்டது வெகுநாள் கழித்துத்தான். அன்றைக்கு அவள் மனதில் ஓடியதெல்லாம் ஒன்றே ஒன்று: பார்க்கலாம், நான் இல்லாமல் எப்படி ஓடுகிறது என்று.

முதலில் வந்தது வேன் இன்சூரன்ஸ். ஒரு மாதம் முன்பே போன் மணியடித்தது. அக்கா திரையைப் பார்த்தாள், அமுக்கினாள், புரட்டிக் கவிழ்த்து வைத்தாள். ஒரு வாரம் முன்னால் அடித்ததையும் அப்படியே செய்தாள். தேதி நெருங்க நெருங்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கணவர் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது பேச்சுவாக்கில் சொன்னார்: "உன் தம்பி கடைப்பக்கம் வந்தான். வேன் இன்சூரன்ஸைப் புதுப்பிச்சுட்டானாம். கம்பெனிக்காரன் மெசேஜ் மேல மெசேஜ் போட்டிருக்கான். டீச்சர் பார்த்துட்டுக் கட்டச் சொல்லியிருக்கா."

நல்லதுதான். ஆனால் அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு நாளாவது தாண்டியிருக்கலாம், அவர்கள் பதறி அவளைக் கூப்பிட்டிருக்கலாம் என்று மனசின் ஒரு மூலை எதிர்பார்த்திருந்தது.

அடுத்து சர்வீஸ். அதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. சர்வீஸ் சென்டரிலிருந்தே ஒரு பெண் கூப்பிட்டு, வருஷம் ஆகிவிட்டது சார், வண்டியை எப்போது விடுகிறீர்கள் என்று கேட்டு, நாள் குறித்துக் கொடுத்துவிட்டாள். இன்சூரன்ஸ்காரன் கூப்பிடுவான், அவனுக்குப் பணம் வர வேண்டும். சர்வீஸ்காரன் கூப்பிடுவான், அவனுக்கும்தான். இந்தத் தொழிலிலேயே ஊறியவள் என்பதால் அக்காவுக்கு இன்னொன்றும் தெரியும். பக்கத்துத் தெருக் கிளினிக்கில் ஒரே ஒரு நர்ஸ். அவள் ஊசி போடுவாளா, போன வருஷம் வந்தவர்களையெல்லாம் தேடிப் பிடித்துக் கூப்பிடுவாளா? பரிசோதனைக்கு மட்டும் தம்பியை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அந்த அலாரம் அடித்தபோது அவள் கம்பெனியில், ஓர் அடுக்குமாடிச் செயலாளரிடம் லிஃப்ட் கயிறு மாற்ற நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். மேசையில் கிடந்த சொந்தப் போன் அதிர்ந்தது. 'தம்பி. வருடப் பரிசோதனை. டாக்டரிடம் நேரம் வாங்கணும்.' இடது கையால் அதை அமுக்கிவிட்டு, "சொல்லுங்க சார், சனிக்கிழமை சரியா வருமா?" என்றாள்.

மூன்று வாரம் கழித்து: 'தம்பி. முதல் நாள் ராத்திரியிலிருந்து வெறும் வயிறு என்று சொல்லணும்.' அமுக்கினாள். பரிசோதனை நாள் காலையில் வந்ததையும் அமுக்கினாள்.

ஒரு வாரம் போனதும் கடைசி அலாரம் வந்தது. 'ரிப்போர்ட் வந்ததா? டாக்டரிடம் காட்டியாச்சா?' இதற்கு மட்டும் அவள் போனை எடுத்துத் தம்பி நம்பரை அழுத்தியும்விட்டாள். ஒரு தடவை மணி போயிருக்கும். பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கா என்ற குரல் காதுக்குள் கேட்டது. துண்டித்தாள். தம்பி திருப்பிக் கூப்பிட்டபோது, "கை தவறிப் பட்டுடுச்சுடா" என்றாள். அவனும் நம்பினான், ஏதோ ஜோக் சொன்னான், வைத்துவிட்டான்.

அதன் பிறகு அவள் செய்ததுதான் பின்னாளில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. அலாரத்தை அழிக்கப் போனாள். இதை மட்டும் அழிக்கவா, இனி வருடாவருடம் வரப்போகிற எல்லாவற்றையும் சேர்த்தா என்று போன் கேட்டது. அவள் எல்லாவற்றையும் என்பதைத் தொட்டாள். தொட்டபோது ஒரு திருப்திகூட இருந்தது.

மாதங்கள் ஓடின. பார்த்துக்கொண்டால் பேசிக்கொண்டார்கள். டீச்சர் அவளுக்கு நல்ல முகமே காட்டினாள், கொஞ்சம் கூடுதலாகவே காட்டினாள். ஒருவேளை அன்றைக்குப் பேசியது அதிகம் என்று அவளுக்கும் உறுத்தியிருக்கலாம். தம்பி ஒரு நாள் வழியில் வேனை நிறுத்தி ரொட்டி கொடுத்துவிட்டுப் போனான். பின்கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே பேசினான்.

"என்னடா கழுத்து?"

"ஒண்ணுமில்லக்கா. காலையில எழுந்தா பின்மண்டை விண்ணுன்னு இருக்கு. வேன் சீட்டு சரியில்ல, மாத்தணும்."

பிரஷர் பார்த்தியாடா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அதை மென்று விழுங்கினாள். "சீட்டை மாத்து" என்றாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை. காலையில் எழுந்தபோது தம்பிக்கு இடது கண்ணில் உலகம் மங்கலாக இருந்தது. நீராவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல என்று பிறகு சொன்னான். தூசி விழுந்திருக்கும் என்று கண்ணைக் கழுவிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். மூன்றாவது கடையில் வேனைத் திருப்பும்போது இடதுபக்க விளக்குக் கம்பத்தில் இடித்தான். ஆளுக்கு ஒன்றும் இல்லை, வேன் கதவு மட்டும் நசுங்கியது. கம்பம் இருந்ததே தெரியவில்லை என்று அவன் சொன்னதைக் கேட்டதும் டீச்சர் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவனைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அக்கா போய்ச் சேர்ந்தபோது டாக்டர் உள்ளே பேசிக்கொண்டிருந்தார். அவளும் கதவோரம் நின்றாள். கண்ணுக்குப் பின்னால் விழித்திரையில் ரத்தம் திரும்பிப் போகிற குழாய் ஒன்று அடைத்துவிட்டது, அதனால் உள்ளே கசிந்து வீங்கியிருக்கிறது, வீக்கம் வற்ற மாதம் ஒரு ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது. பிரஷர் நூற்றுத் தொண்ணூறுக்கு மேலே இருந்தது.

"எவ்வளவு நாளா பிரஷர்?" என்று கேட்டார் டாக்டர்.

"பிரஷரே இல்ல டாக்டர். எல்லாம் நார்மல்னுதான் சொன்னார்," என்றாள் டீச்சர்.

"கடைசியா எப்ப செக்கப் பண்ணீங்க?"

டீச்சர் கணவனைப் பார்த்தாள். அவன் அக்காவைப் பார்த்தான். தேதி என்றாலே அக்கா பக்கம் திரும்பிப் பழகிய கண்.

"ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆகுது," என்றாள் அக்கா. குரல் அவளுடையது போலவே இல்லை. "அப்பவே பிரஷர் கொஞ்சம் கூடன்னு சொன்னாங்க."

"போன வருஷம் பாத்திருந்தா இது வந்திருக்காதா டாக்டர்?" என்று டீச்சர் கேட்டாள்.

டாக்டர் நேர்மையானவர். "அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா. பிரஷர் கட்டுக்குள்ள இருந்திருந்தா வாய்ப்பு குறைஞ்சிருக்கும். அவ்வளவுதான் சொல்லலாம்."

அந்தப் பதில் அக்காவை எந்தப் பக்கமும் சாயவிடவில்லை. உன்னால்தான் என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். உன்னால் இல்லை என்றிருந்தால் மூச்சு விட்டிருப்பாள். இரண்டும் இல்லாமல், குறைந்திருக்கும் என்ற ஒரு வார்த்தையோடு அவள் வீட்டுக்குப் போனாள்.

முதல் ஊசி போட்ட அன்று இரண்டு பெண்களும் வெளியே நாற்காலியில் காத்திருந்தார்கள். டீச்சர் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"எல்லாம் என்னாலதான் அண்ணி. நான்தான் அன்னிக்கு உங்களை அப்படிப் பேசினேன். உங்களுக்கு ஆயிரம் வேலை, நீங்க மறந்திருப்பீங்க. நான்தானே ஞாபகம் வச்சிருக்கணும்? பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கான்னு வாய்கிழியச் சொல்லிட்டு, என்ன பாத்துக்கணும்னுகூடக் கேக்கல. நான் ஒரு பொண்டாட்டியா?"

அந்த இடத்தில் அக்கா சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். "அழாதம்மா" என்ற சொல்தான் வந்தது. டீச்சர் அவள் தோளில் சாய்ந்து அழுதாள். அக்கா அந்தத் தலையைத் தடவிக்கொடுத்தாள். தன் கையைத் தானே வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

அதற்குப் பிறகு அவள் விழுந்து விழுந்து கவனித்தாள். லீவு போட்டாள், உப்பில்லாமல் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள், சொட்டு மருந்துக்கும் பிரஷர் மாத்திரைக்கும் நேரம் தவறாமல் போன் செய்தாள். தம்பிக்கு இப்போது வேன் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு டிரைவரை வைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து கடைக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். தன் வண்டியிலேயே பயணியாக உட்காருவது அவனுக்கு எப்படி இருந்ததோ, வெளியே சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "காலண்டர் திரும்பி வந்துடுச்சு," என்று அவன் கிண்டல் செய்தபோது அக்கா அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

கம்பெனியில் ஒரு நாள் ஓர் அடுக்குமாடிச் செயலாளர் போனில் கத்தினார். "எத்தனை தடவைம்மா கூப்பிடுவீங்க? எங்களுக்கு வேற பொழப்பு இல்லையா?"

"நீங்க செஞ்சு முடிக்கிற வரைக்கும் கூப்பிடுவேன் சார்," என்றாள் அவள். வழக்கமாகச் சொல்கிற பதில்தான். ஆனால் சொல்லி முடித்ததும்தான் அது அவளுக்கு உறைத்தது. மூன்றாம் மனிதரின் லிஃப்டுக்கு இத்தனை தடவை கூப்பிட்டவள், கூடப் பிறந்தவனுக்கு ஒரு தடவை கூப்பிடவில்லை. போனை வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்தாள். முதலாளி ஓடிவந்து, அந்த ஆள் ஏதாவது தப்பாகப் பேசினானா என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அவ ஏற்கெனவே நொந்து போயிருக்கா. இப்ப போய் இதைச் சொல்லி என்ன ஆகப்போகுது? விடு."

"அவ நொந்து போயிருக்கறதே என்னாலதானே? நான் சுமக்க வேண்டியதை அவ சுமக்கறா. நான் தோள்ல தட்டிக்கொடுத்துட்டு வர்றேன்."

"சொன்னா உறவு அறுந்துடும்."

"தெரியும்."

இரண்டாவது ஊசி அன்று, அதே ஆஸ்பத்திரியில், தம்பியை உள்ளே கூப்பிட்டு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. தள்ளிப்போட்டால் மறுபடி வாய் வராது என்று அவளுக்குத் தெரியும்.

"நான் மறக்கலம்மா," என்றாள்.

"என்ன அண்ணி?"

"அவன் செக்கப்பை நான் மறக்கல. அலாரம் அடிச்சுது. நாலு தடவை அடிச்சுது. நான்தான் அமுக்கினேன். உன் மேல இருந்த கோவத்துல."

டீச்சர் புரியாதவள் போல அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "வேன் இன்சூரன்ஸுக்கும் அப்படித்தானா?"

"அதுக்கும்தான்."

"அது எனக்கு மெசேஜ் வந்துச்சு."

"வரும்னு தெரியும். சர்வீஸுக்கும் அவங்களே கூப்பிடுவாங்கன்னு தெரியும். இதுக்கு மட்டும் யாரும் கூப்பிட மாட்டாங்கன்னும் தெரியும்." இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் பாதி சொன்னதாகத்தான் ஆகும் என்று அவள் நினைத்தாள். "தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன்."

டீச்சர் எழுந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, வரிசையின் அந்தக் கடைசியில் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். தம்பி கண்ணில் கட்டோடு வெளியே வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்த காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, "என்ன, ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றான்.

அதற்குப் பிறகு டீச்சரிடமிருந்து போன் இல்லை. அக்காவும் கூப்பிடவில்லை. சொட்டு மருந்து நேரங்கள் வந்து போயின. ஒவ்வொரு முறையும் அவள் கை போனுக்குப் போய்த் திரும்பியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். டிரைவரை வேனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, படியில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தான். கணவர் அவனைப் பார்த்ததும், கடைக்குப் போய் வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு நழுவினார். அன்றைக்கு மட்டும் கால்மணி நேரம் ஆகவில்லை.

"அவ சொன்னா," என்றான் தம்பி.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோவம் இல்லன்னு சொன்னா பொய்க்கா. ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல. நீ என்னை நாலு பேர் முன்னாடி திட்டியிருக்கலாம். வீட்டு வாசல்ல வந்து கத்தியிருக்கலாம். எனக்குப் பழக்கம்தானே? பேசாம இருந்துட்டியேக்கா."

"தப்புதான்டா."

"எனக்கும் தெரியும், வருஷம் ஆகிப்போச்சுன்னு. பின்மண்டை வலிச்சப்பவே தோணுச்சு. அப்ப என்ன நினைச்சேன் தெரியுமா? அக்கா இன்னும் கூப்பிடல, அப்படின்னா பெரிசா ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சேன்."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தன் முட்டாள்தனமாகத்தான் சொன்னான். ஆனால் அவளுக்கு அதைவிடப் பெரிய அடி வேறில்லை. அவள் வாய்மூடியிருந்ததை அவன் எல்லாம் சரியாக இருக்கிறது என்ற சேதியாக எடுத்துக்கொண்டிருக்கிறான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சமாதானம் சொல்லவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. போகும்போது, "படிக்கட்டு முனை சரியாத் தெரியல, கையைப் பிடி" என்றான். வேன்வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டாள்.

ஐந்தாறு ஊசிக்குப் பிறகு வீக்கம் வற்றியது. பார்வை ஓரளவு திரும்பியது. இடது கண்ணை மட்டும் திறந்து பார்த்தால் எழுத்தின் வரிகள் நடுவில் நெளிந்து தெரிகின்றன, சின்ன எழுத்து பிடிபடுவதில்லை. இனி வேனைத் தானே ஓட்டுவது வேண்டாம் என்று அவனே முடிவு செய்தான். டிரைவர் நிரந்தரமாகிவிட்டார். தம்பி ஆர்டர் பிடிக்கிறான், கடைக்காரர்களோடு சிரித்துப் பேசுகிறான், தினமும் மாத்திரை போடுகிறான்.

டீச்சர் ஒரு நாள் பள்ளி முடிந்து நேராக அக்கா வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்ததும் குடித்தாள்.

"உங்களை மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல அண்ணி. அது எப்ப வருமோ தெரியாது. தேதியெல்லாம் வேணும். எனக்கும் தெரியணும், எங்க வீட்ல என்ன எப்ப வருதுன்னு."

அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள். வேனின் காப்பீடு எப்போது முடிகிறது, அதைத் தாண்டிவிட்டால் வண்டியைத் தெருவில் எடுக்கக் கூடாது, புதுப்பிக்கும் முன் வண்டியை வந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். சர்வீஸ் வருடக் கணக்கா, ஓடிய தூரக் கணக்கா, எது முதலில் வருகிறதோ அதுதான். ரத்தப் பரிசோதனைக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து சாப்பிடக் கூடாது, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். டீச்சர் எல்லாவற்றையும் தன் போனில் பதிந்தாள். முன்னால் வருகிற மூன்றையும் போட்டுவிட்டு நிறுத்தினாள்.

"பின்னால ஒண்ணு வைம்மா. டாக்டர்கிட்ட காட்டியாச்சான்னு கேக்க. ரிப்போர்ட் வாங்கிட்டு வந்து மேசையில போட்டுடுவான்."

"அவர்கிட்ட கேட்டா எல்லாம் நார்மல்னுதான் சொல்வார்."

"அவன்கிட்ட கேக்காத. ரிப்போர்ட்டைக் கொண்டான்னு கேளு."

டீச்சரின் உதட்டோரம் லேசாக அசைந்தது, சிரிப்பு என்று சொல்ல முடியாது. நாலாவதையும் பதிந்தாள். எழுந்து செருப்பை மாட்டும்போது, திரும்பாமலேயே சொன்னாள்: "எங்க அம்மாவோட மருத்துவக் காப்பீடு அடுத்த மாசம் முடியுது. ஏஜென்ட் ஊர்ல இல்ல. அதையும் போட்டு வைங்க."

அக்காவும் எழுந்தாள். போனை எடுத்துத் தேதியைக் கேட்டாள், பாலிசி நம்பரைக் கேட்டாள், பதிந்தாள். முடித்துவிட்டு, டீச்சரின் நம்பரையும் தம்பியின் நம்பரையும் அதில் சேர்த்தாள்.

"எதுக்கு அண்ணி? உங்களுக்கு வந்தா போதாதா?"

"போதாதும்மா. மூணு பேருக்கும் அடிக்கட்டும். என் ஒருத்தி போன்ல மட்டும் இனிமே எதுவும் வேண்டாம்."

டீச்சர் தன் போனில் அது வந்து விழுந்ததைப் பார்த்தாள். பிறகு, "சரி அண்ணி," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.